தொழிற்பழகுநர் ஒப்பந்தம்: டர்னர் பிரிவு, 12 மாதப் பயிற்சி

லேத் மற்றும் சிஎன்சி பட்டறை நடத்தும் திரு. முத்துவேல் (இனி "உரிமையாளர்"), ஐடிஐ-யில் டர்னர் படித்துத் தேறிய 20 வயதான செல்வன் கவின் (இனி "பழகுநர்") ஆகிய இருவரும் 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் 2025 ஜூன் 23 அன்று செய்துகொள்ளும் ஒப்பந்தம் இது. முழு வாசகமும் பழகுநருக்கும் அவருடைய தாயாருக்கும் வாசித்துக் காட்டப்பட்டது. அவர்கள் கேட்ட இரண்டு கேள்விகளுக்கான பதில் 3, 6 ஆகிய பிரிவுகளில் சேர்க்கப்பட்டுள்ளது.

1. காலமும் பதிவும்

பயிற்சி 2025 ஜூலை 1 அன்று தொடங்கி 2026 ஜூன் 30 அன்று முடியும். கையெழுத்தான ஏழு நாட்களுக்குள் இந்த ஒப்பந்தத்தின் விவரங்களை உரிமையாளர் அரசின் apprenticeshipindia.gov.in தளத்தில் பதிவேற்றுவார். பதிவு முடிந்ததும் அதன் நகல் பழகுநர் கைக்கு வர வேண்டும்.

2. என்ன கற்றுத்தரப்படும்

பழகுநர் இங்கே வருவது தொழில் கற்க. சட்டமும் அவரைப் பயிற்சி பெறுபவர் என்றுதான் சொல்கிறது, தொழிலாளி என்று சொல்லவில்லை. ஆகவே ஆள் குறைகிற நாட்களில் அவரை ஹெல்பராக நிறுத்தி, மாதக் கணக்கில் பார் ராடு தூக்கவும் லோடு இறக்கவும் வைக்கக் கூடாது. மெஷினைத் துடைப்பது, சிலும்பு அள்ளுவது, எண்ணெய் பார்ப்பது எல்லாம் தொழிலின் பகுதி. அதைப் பழகுநர் செய்வார். ஆனால் நாள் முழுக்க அதுவே வேலையாகிவிடக் கூடாது.

முதல் நான்கு மாதம் சாதா லேத்: ஃபேசிங், டர்னிங், போரிங், டூல் பிட்டைத் தானே கிரைண்ட் செய்வது. ஐடிஐ-யில் இதையெல்லாம் பார்த்திருப்பார் என்று தாண்டிப் போகக் கூடாது. கோணம் தப்பிய டூலில் ஜாப் எப்படி அதிரும் என்பது கை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அடுத்த நான்கு மாதம் டேப்பரும் த்ரெட்டும். கூடவே மைக்ரோமீட்டரில் 0.01 மில்லிமீட்டர் வரை தவறில்லாமல் அளக்கப் பழக வேண்டும். கடைசி நான்கு மாதம் சிஎன்சி: டூல் ஆஃப்செட் வைப்பது, புரோகிராம் படிப்பது, முதல் ஜாப்பைத் தானே செட் செய்து எடுப்பது.

பட்டறை ஃபோர்மேன்தான் பயிற்சிப் பொறுப்பாளர். அவர் விடுப்பில் போனால் வேறு யார் பொறுப்பு என்பதை உரிமையாளர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வாரம் ஒரு நாள் இரண்டு மணி நேரம் வரைபடம் படிப்பதும் கணக்கும் நடக்கும். ஆர்டர் நெருக்கடி என்று அந்த நேரத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது.

3. உதவித்தொகை

மாதம் ரூ.11,000. அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் பழகுநரின் வங்கிக் கணக்கில் வர வேண்டும்; கையில் ரொக்கமாகக் கொடுப்பது கிடையாது. தேசிய தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் அரசின் பங்கு பழகுநர் கணக்குக்கு நேரடியாக வந்தால், அது இந்த ரூ.11,000-க்குள் அடங்கும். அரசின் பங்கு வரத் தாமதமாகிறது என்று உரிமையாளர் தன் பங்கை நிறுத்திவைக்கக் கூடாது. சட்டப்படியான குறைந்தபட்சத் தொகை இதைவிட உயர்ந்தால், உயர்ந்த தொகையே கொடுக்கப்படும்.

"எத்தனை பீஸ் எடுத்தாய்" என்று கணக்குப் பார்த்து உதவித்தொகை கொடுப்பதைச் சட்டம் தடுக்கிறது. உற்பத்தி போனஸ் திட்டத்தில் சேரச் சொல்லிப் பழகுநரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. இந்தத் தடை நல்லது என்பதே உரிமையாளரின் எண்ணமும். பீஸ் கணக்கு வந்துவிட்டால் பையன் வேகத்தைத்தான் பழகுவான், அளவைப் பழக மாட்டான்.

தாயார் கேட்ட கேள்வி: டூல் உடைந்தால் பணம் பிடிப்பீர்களா? பிடிக்க மாட்டோம். கார்பைடு டிப் உடைந்தாலும், ஜாப் ஸ்கிராப் ஆனாலும், அதற்காக ஒரு ரூபாய்கூட கழிக்கப்படாது. எதனால் உடைந்தது என்று பழகுநர் தன் பயிற்சிக் குறிப்பேட்டில் எழுதி ஃபோர்மேனிடம் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

4. பழகுநரின் கடமைகள், நேரம், பாதுகாப்பு

காலை 8.30 முதல் மாலை 5.00 வரை, நடுவில் அரை மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை. ஞாயிறு விடுமுறை. மற்ற விடுப்புகள் பட்டறையில் எல்லோருக்கும் உள்ளபடியே. ஓவர்டைமும் இரவு ஷிஃப்டும் இல்லை.

பழகுநர் ஒழுங்காக வர வேண்டும், மனம் வைத்துக் கற்க வேண்டும், முறையான உத்தரவுகளைக் கேட்க வேண்டும், குறிப்பேட்டை அன்றன்றே எழுத வேண்டும். வாடிக்கையாளர்களின் வரைபடங்களைப் போனில் படம் எடுக்கக் கூடாது.

லேத் ஓடும்போது கையுறையும் தொளதொளச் சட்டைக் கையும் கூடாது, கண்ணாடி கட்டாயம். சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டுக் கை எடுக்கவே கூடாது, மெஷின் நின்றிருந்தாலும் சரி. இந்த ஒரு விஷயத்தில் ஃபோர்மேன் கடுமையாகப் பேசினால் பழகுநர் வருத்தப்படக் கூடாது. கண்ணாடியும் ஷூவும் உரிமையாளர் செலவு. பயிற்சியின்போது விபத்து நேர்ந்தால் 1923-ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டப்படி உரிமையாளர் இழப்பீடு தருவார்.

5. சான்றிதழ்

பயிற்சி முடிந்ததும் பழகுநர் தேர்வு எழுத உரிமையாளர் விண்ணப்பித்து, தேர்வு நாட்களுக்கு விடுப்பும் கொடுக்க வேண்டும். தேறினால் கிடைப்பது தேசிய தொழிற்பழகுநர் சான்றிதழ். அது தவிர, எந்தெந்த மெஷினில் எத்தனை மாதம் பழகினார் என்று எழுதிய கடிதம் ஒன்றையும் பயிற்சியின் கடைசி நாளன்று உரிமையாளர் தருவார். தேர்வு முடிவுக்கும் இந்தக் கடிதத்துக்கும் தொடர்பில்லை.

பழகுநரின் அசல் மதிப்பெண் பட்டியலோ ஐடிஐ சான்றிதழோ பட்டறையில் வாங்கி வைக்கப்படாது. சேரும் நாளில் பார்த்துவிட்டு, நகல் எடுத்துக்கொண்டு, அங்கேயே திருப்பிக் கொடுக்கப்படும்.

6. பயிற்சிக்குப் பின் வேலை

பழகுநர் தரப்பில் கேட்ட கேள்வி: பயிற்சி முடிந்ததும் இங்கே வேலை உண்டா? மனக்கசப்பு பெரும்பாலும் இங்கேதான் வருகிறது. அதனால் ஒளிவுமறைவு இல்லாமல் எழுதுகிறோம்.

பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் உரிமையாளருக்கு இல்லை. அதே போல, இங்கேயே வேலை பார்த்தாக வேண்டும் என்ற கட்டாயம் பழகுநருக்கும் இல்லை. பயிற்சிக்குப் பின் இத்தனை காலம் உழைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதினால், சட்டத்தின் 22-ஆம் பிரிவுப்படி உரிமையாளரும் தகுந்த வேலை கொடுத்தாக வேண்டும். அப்படிப்பட்ட நிபந்தனை எதுவும் இந்த ஒப்பந்தத்தில் கிடையாது. பாண்டு இல்லை, முன்பணம் இல்லை.

ஆனால் வாக்குறுதி ஒன்று உண்டு. வேலை தர முடியுமா முடியாதா என்பதை உரிமையாளர் 2026 மே 31-க்குள் எழுத்தில் சொல்லிவிடுவார். "பார்க்கலாம் தம்பி" என்று வாய்மொழியில் சொல்வது பதிலாகாது. வேலை உண்டு என்றால் சம்பளம், ஷிஃப்ட், சேரும் தேதி மூன்றும் அந்தக் கடிதத்தில் இருக்கும். இல்லை என்றால், அடுத்த ஆறு மாதத்துக்குள் டர்னர் இடம் காலியாகும்போது முதலில் கவினுக்குத்தான் சொல்லப்படும். வெளியே போவது என்று கவின் முடிவெடுத்தால், விசாரிக்கும் இடங்களுக்கு உரிமையாளர் உள்ளதை உள்ளபடி சொல்வார்.

7. இடையில் நிறுத்தினால், தகராறு வந்தால்

யார் நிறுத்த விரும்பினாலும், இந்தச் சட்டப்படி அரசு நியமித்த தொழிற்பழகுநர் ஆலோசகரிடம் விண்ணப்பிக்க வேண்டும். உரிமையாளர் தவறால் ஒப்பந்தம் முறிந்தால், கடைசியாக வாங்கிய உதவித்தொகையில் மூன்று மாத அளவை அவர் பழகுநருக்குத் தர வேண்டும். பழகுநர் தவறால் முறிந்தால், அதே அளவு தொகையைப் பயிற்சிச் செலவாக அவர் தர வேண்டியிருக்கும். தகராறு எதுவானாலும் முதலில் ஃபோர்மேனை வைத்துப் பேசிப் பார்ப்போம். தீரவில்லை என்றால் ஆலோசகரிடம் போவோம். அப்படிப் போனதற்காகப் பழகுநரின் பயிற்சி நிறுத்தப்படாது.

இரண்டு பிரதிகளில் கையெழுத்தானது. ஒன்று உரிமையாளரிடமும் ஒன்று பழகுநரிடமும் இருக்கும்.

(ஒப்பம்) முத்துவேல், உரிமையாளர்
(ஒப்பம்) கவின், பழகுநர்
சாட்சிகள்: பழகுநரின் தாயார், பட்டறை ஃபோர்மேன்