‘ஆடிப்பட்டம் தேடி விதை’ சொல்லுக்குச் சொல் ஏன் வராது: கையேட்டு மொழிபெயர்ப்பு பற்றிய கடிதம்

கிருஷ்ணகிரி
20.4.2026

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
உழவர் உற்பத்தியாளர் நிறுவனம்,
தேன்கனிக்கோட்டை.

பொருள்: ராகிக் கையேட்டின் கன்னட, ஆங்கிலப் பதிப்புகள் – ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்ற பழமொழி வரும் மூன்று இடங்கள்

ஐயா,

வணக்கம். தங்கள் அலுவலகத்திலிருந்து வந்த குறிப்பைப் படித்தேன். பழமொழியை நாலு சொல்லுக்கு நாலு சொல்லாக மாற்றித் தரும்படியும், நான் அனுப்பிய வரைவில் அது ஒன்றரை வரியாக நீண்டுவிட்டது ஏன் என்றும் கேட்டிருந்தீர்கள். உறுப்பினர் ஒருவர் அகராதி பார்த்து எழுதிய ஆங்கில வரியையும் இணைத்திருந்தீர்கள். அதைத் திரும்பத் தமிழில் சொன்னால் “ஆடிக் காத்தாடியைத் தேடு, விதை” என்று வருகிறது. அவர் ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியில் உள்ள பொருளைத்தான் எடுத்திருக்கிறார். ஆனால் பட்டம் என்பதற்கு அங்கே காற்றில் விடும் பட்டமும் உண்டு, கல்லூரியில் வாங்கும் பட்டமும் உண்டு. விதைப்புப் பருவம் என்ற பொருள் பல அகராதிகளில் கடைசியில்தான் வரும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்று கேள்விப்பட்ட வெளியூர்க்காரர் காத்தாடியைப் பார்த்துச் சந்தேகப்படக்கூட மாட்டார், ஏதோ திருவிழா என்று நினைத்துக்கொள்வார்.

பட்டத்தைச் சரிசெய்துவிட்டால் மற்ற மூன்று சொல்லும் தானே உட்கார்ந்துவிடும் என்று தோன்றும். உட்காராது. பெரிய சிக்கல் ஆடியில் இருக்கிறது, அதுவும் ஆங்கிலத்தைவிடக் கன்னடத்தில். தளி, அஞ்செட்டிப் பக்கத்து உறுப்பினர்கள் இந்தக் கையேட்டைப் பார்த்து நிலத்தில் இறங்கப்போகிறவர்கள். அதனால் முதலில் அதை விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆடிக்குக் கன்னடத்தில் நேர்ச்சொல் ஆஷாடம். இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. இரண்டு பக்கமும் அந்த மாதத்தில் கல்யாணம் வைக்கமாட்டார்கள். அதனால் யாரும் யோசிக்காமல் ஆடிக்கு ஆஷாடம் என்று போட்டுவிடுவார்கள். ஆனால் நம் மாதம் சூரியக் கணக்கு. சூரியன் கடக ராசிக்குள் நுழையும்போது, ஜூலை 17 வாக்கில், ஆடி பிறக்கிறது, ஆகஸ்ட் 16 வரை இருக்கிறது. வருஷத்துக்கு வருஷம் ஒருநாள் முன்பின் ஆகலாம், அவ்வளவுதான். கன்னட மாதம் சந்திரக் கணக்கு, அமாவாசைக்கு மறுநாள் தொடங்கி அடுத்த அமாவாசையோடு முடிகிறது. 2025இல் ஆஷாடம் ஜூன் 26இல் தொடங்கி ஜூலை 24இல் முடிந்தது. ஆடி பிறந்தது ஜூலை 17. இரண்டும் சேர்ந்திருந்தது 8 நாள் மட்டும். ஆஷாடம் பிறந்ததும் விதைப்பவர் நம் ஆடி முதல் தேதிக்கு மூன்று வாரம் முன்பே விதையை மண்ணில் போட்டிருப்பார்.

மூன்று வாரத்தில் என்ன கெட்டுப்போகும் என்றால், நம் வட்டாரத்து மானாவாரியில் ஆனி மழை நம்பும்படியாக இருக்காது. ஒரு தூறலில் முளைத்துவிடும், பிறகு பத்துப் பதினைந்து நாள் காய்ந்தால் இளம்பயிர் கருகும், மறுவிதைப்பு செய்யவேண்டி வரும். ராகியோடு சேர்த்துப் போடும் அவரை, துவரை விதையும் அதோடு போகும். ஆடியில் விதைத்தால் ஆவணி, புரட்டாசி மழையில் தூர்கட்டி, ஐப்பசி மழையில் கதிர் முற்றி, கார்த்திகையில் அறுவடைக்கு வரும். பழமொழி இந்தக் கணக்கைத்தான் நாலு சொல்லில் வைத்திருக்கிறது.

இன்னொன்றும் கவனிக்கவேண்டும். சந்திரக் கணக்கைச் சூரியனோடு ஒட்டவைக்க இடையில் சேர்க்கும் ‘அதிக மாதம்’ இந்த வருஷம் வருவதால் ஆஷாடம் ஜூலை 15 முதல் ஆகஸ்ட் 12 வரை இருக்கிறது. ஆடியோடு கிட்டத்தட்ட ஒட்டிப்போகிறது. ஆகவே ஆஷாடம் என்று அச்சடித்தால் 2026இல் யாருக்கும் தப்புத் தெரியாது. 2027இல் அது ஜூலை 5க்கே தொடங்கிவிடும், 2028இல் ஜூன் 23க்கு. கையேட்டை மூன்று நான்கு வருஷம் வைத்துப் பயன்படுத்தப் போவதாகச் சொன்னீர்கள். முதல் வருஷம் சரியாக இருப்பதுபோலக் காட்டிவிட்டுப் பிறகு நழுவும் பிழை மிகவும் ஆபத்தானது, ஏனென்றால் சரிபார்க்கிறவர் அதைப் பிடிக்கமாட்டார்.

கன்னடத்தில் பட்டமும் கைகொடுக்காது. அங்கே பட்ட என்றால் அரியணை. ‘ஆஷாட பட்ட’ என்று எழுதினால் யாரோ ஆஷாடத்தில் முடிசூடுகிறார் என்று படிப்பார்கள். அரசுத் தாள்களில் விதைப்புப் பருவத்துக்கு வழங்கும் ஹங்காமு என்ற சொல் இருக்கிறது. ஆனால் முங்காரு ஹங்காமு என்றால் தென்மேற்குப் பருவம் முழுக்க, ஜூன் முதல் செப்டம்பர் வரை. நமக்கு வேண்டிய ஒரு மாதம் அதில் கரைந்துபோகும்.

நான் தேர்ந்தெடுத்திருக்கும் வழி வேறு. கன்னட உழவர்கள் விதைப்பை மழை நட்சத்திரம் வைத்துச் சொல்கிறார்கள். சூரியன் எந்த நட்சத்திரத்தில் இருக்கிறதோ அந்தப் பெயரில் மழை. இதுவும் சூரியக் கணக்கு என்பதால் நம் ஆடியோடு வருஷாவருஷம் பிசகாமல் பொருந்தும். கடக ராசியில் புனர்பூசத்தின் கடைசிப் பாதம், பூசம், ஆயில்யம் அடங்கும். அதாவது ஜூலை 20 வாக்கில் தொடங்கும் புஷ்ய மழையும், ஆகஸ்ட் 3 வாக்கில் தொடங்கும் ஆஷ்லேஷ மழையும்தான் நம் ஆடி. ஆகஸ்ட் 17இல் மகம் வந்துவிட்டால் ஆவணி. 7ஆம் பக்கத்து விதைப்பு அட்டவணையில் பழமொழிக்குப் பதிலாக இந்த இரண்டு மழைப் பெயரும், பக்கத்தில் ஆங்கிலத் தேதியும், அடியில் சின்ன எழுத்தில் ‘தமிழ் ஆடி மாதம்’ என்ற குறிப்பும் வரும். அந்தக் கட்டத்தில் பழமொழியின் ஒரு சொல்கூட இருக்காது. ஆனால் அதைப் படிப்பவர் நீங்கள் சொல்ல நினைத்த நாளில் விதைப்பார்.

தேடி என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. அகராதி தரும் பொருளைப் போட்டால் இரண்டு மொழியிலும் காணாமல் போன பொருளைத் தேடுவதுபோல ஆகிறது. இங்கே அது பருவம் வரும்வரை விதையும் நிலமும் தயாராக வைத்துக்கொண்டு, வந்ததும் தவறவிடாமல் பிடிப்பது. கோடை உழவு முடிந்திருக்கவேண்டும், விதை வீட்டில் இருக்கவேண்டும் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. அதனால்தான் வரைவு நீண்டது.

அட்டைப் பக்கம் வேறு விஷயம். அங்கே பழமொழி தகவல் சொல்லவில்லை, காதில் விழுகிறது. ஆடி, தேடி என்ற எதுகைதான் அதைத் தலைமுறைகளாக நினைவில் நிறுத்தியிருக்கிறது. மொழிபெயர்த்தால் முதலில் போவது அதுதான். எனவே அட்டையில் மூலத்தைத் தமிழ் எழுத்திலேயே பெரிதாக விட்டுவிட்டு, அடியில் அந்தந்த மொழியில் ஒரு வரி பொருள் கொடுப்பதே என் பரிந்துரை. மூலத்தைக் கன்னட எழுத்தில் பெயர்த்துப் போடலாமா என்று தங்கள் வடிவமைப்பாளர் கேட்டார். வேண்டாம். கன்னடத்தில் ஆடி என்றால் ‘விளையாடி’. தமிழ் பேசத் தெரிந்த உறுப்பினர் சிரித்துவிட்டுச் சரியாகப் படிப்பார், மற்றவர் முதல் சொல்லிலேயே தடுக்கி நிற்பார்.

விதை என்ற ஏவல் ஒருமையில் இருக்கிறது, கையேடு முழுக்க ‘செய்யுங்கள்’ என்று மரியாதைப் பன்மையில் போகிறதே என்றும் கேட்டிருந்தீர்கள். அட்டையில் ஒருமையாகவே இருக்கட்டும். பழமொழி ஒருமையில் சொல்வது இரண்டு மொழியிலும் வழக்கம், யாரும் அவமரியாதையாக எடுக்கமாட்டார்கள். அச்சகத்தில் யாராவது ‘திருத்தம்’ செய்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலப் பதிப்பைப் படிக்கப்போவது பெங்களூரில் ராகி வாங்குகிறவர்கள். அவர்கள் விதைக்கப் போவதில்லை, சரக்கு எப்போது வரும் என்பதே அவர்களுக்கு முக்கியம். அதனால் அங்கே 7ஆம் பக்கத்தில் ‘ஆடி’ என்ற பெயரை ஒலிபெயர்த்து, ஜூலை நடு முதல் ஆகஸ்ட் நடு வரை விதைப்பு, நவம்பர் வாக்கில் அறுவடை என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

மீதி 19ஆம் பக்கம். இயக்குநர் ஒருவர் பேட்டியில், “பயிர்க்கடன் மனுவும் அப்படித்தான், ஆடிப்பட்டம் தேடி விதைக்கணும், எல்லாரும் வாங்கின பிறகு போய் நின்னா ஆவாது” என்கிறார். இங்கே ஆடியும் இல்லை, விதையும் இல்லை. காலத்தில் செய் என்பதுதான் பொருள். வெயில் இருக்கும்போதே வைக்கோலைக் காயப்போடு என்ற ஆங்கிலப் பழமொழியை வைக்கலாம் என்று தங்கள் குறிப்பில் இருந்தது. தனி இடத்தில் அது பொருந்தும். ஆனால் இந்தக் கையேடு முழுக்க மழைக்காகக் காத்திருக்கிறது, அதில் திடீரென்று வெயிலும் வைக்கோலும் வந்தால் நம் உழவர் பேசுவதாக இருக்காது. கன்னடம், ஆங்கிலம் இரண்டிலும் “மழையைப் பார்த்து விதைப்பதுபோல மனுவையும் நேரத்தில் போடவேண்டும்” என்ற பொருளில் எழுதியிருக்கிறேன். அவர் பேச்சின் மண்வாசனை அதில் மிச்சம் இருக்கிறது.

கட்டணத்தில் மாற்றமில்லை. நான் மூலத்தின் சொற்களைத்தான் எண்ணுகிறேன். மூன்று இடத்திலும் பழமொழிக்கு நாலு சொல்தான் கணக்கு, மொழிபெயர்ப்பில் எத்தனை வந்தாலும்.

திருத்திய கன்னட, ஆங்கில வரிகளைத் தனிக் கோப்பாக இத்துடன் அனுப்பியிருக்கிறேன். 7ஆம் பக்கத்துக் கன்னட அட்டவணையை மட்டும், அச்சுக்குப் போகுமுன், அஞ்செட்டிப் பக்கத்தில் கன்னடம் படிக்கும் இரண்டு உறுப்பினர்களிடம் கொடுத்து, “எந்தத் தேதிக்குள் விதைப்பீர்கள்?” என்று கேட்கச் சொல்லுங்கள். படித்தது புரிந்ததா என்று கேட்டால் எல்லாரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள், அதனால் தேதியைக் கேட்பது நல்லது. ஜூலை 20க்கு முன்னால் ஏதாவது தேதி சொன்னால் எனக்கு உடனே தெரிவியுங்கள், அட்டவணையில் மழைப் பெயரைவிடத் தேதியைப் பெரிதாக்கிவிடலாம்.

அட்டைக்கான தங்கள் முடிவு வரும் திங்கட்கிழமைக்குள் கிடைத்தால், வடிவமைப்பாளருக்கு அன்றே முழுக் கோப்பையும் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மொழிபெயர்ப்பாளர்
(தமிழ் – கன்னடம் – ஆங்கிலம்)

இணைப்பு: திருத்திய வரிகள் – அட்டை, பக்கம் 7, பக்கம் 19