முதல் தடவை வந்த பணம்

சென்ட்ரல் ஸ்டேஷனில் சவாரிக்குக் காத்திருந்தபோது செல்வம் போனில் ஒரு பந்தய ஆப்பில் மூன்று ஐபிஎல் மேட்சைச் சேர்த்து 2,000 ரூபாய் கட்டினான். மூன்றிலும் ஜெயித்தான். 38,000 ரூபாய், ஒரு மணி நேரத்தில் பேங்க்கில் ஏறிவிட்டது. கார் தவணை கட்டினான், மகளுக்குக் கொலுசு வாங்கினான்.

"ஏதுங்க இவ்ளோ பணம்?"

"ஏர்போர்ட் சவாரி நிறைய, மல்லிகா."

அன்றே தோற்றிருந்தால் 2,000 போச்சு என்று ஆப்பை அழித்திருப்பான். ஜெயித்ததால் தனக்குக் கிரிக்கெட் தெரியும் என்று நம்பினான். அதன்பிறகு 5,000 போனாலும், 20,000 போனாலும், கணக்குத் தப்பிவிட்டது, அடுத்த மேட்சில் பிடித்துவிடலாம் என்றே தோன்றியது. நடுவில் ஒருமுறை 12,000 ஜெயித்தான். எடுக்கப் போனால் முடியவில்லை. போனஸ் வாங்கியிருக்கிறாய், அதைப்போல பத்து மடங்கு ஆடிய பிறகுதான் எடுக்கலாம் என்றது ஆப். ஆடினான். அதுவும் போயிற்று. கொலுசு அடகுக்கடைக்குப் போனது. மூன்று தவணை நின்றதும் பைனான்ஸ்காரர்கள் வீட்டு வாசலிலேயே காரை எடுத்துப்போனார்கள். இப்போது வேறொருவர் வண்டியை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறான்.

நேற்று ஸ்டாண்டில் பாபு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, அந்த 38,000 நெசமா?"

"நெசம்தான்டா."

"எனக்கும் லிங்க் அனுப்புண்ணே."

புதிதாக ஒருவனைச் சேர்த்துவிட்டால் 500 ரூபாய் போனஸ். இரவு மேட்சுக்குக் கட்டக் கையில் ஒன்றுமில்லை. செல்வம் போனை எடுத்தான்.

"நம்பர் சொல்லுடா."