பால் காய்ச்சுகிறோம், எல்லாரும் வாங்க!

அன்புள்ள சித்தப்பா, பெரியம்மா, அத்தை, மாமா, தாமான் அக்கம்பக்கத்தார் அனைவருக்கும் வணக்கம்.

சுங்கை சிப்புட்டில் நாங்கள் கட்டிய வீட்டுக்கு 25.1.2026 ஞாயிற்றுக்கிழமை, அதாவது தைப்பூசத்துக்குச் சரியாக ஒரு வாரம் முன்னால், கிரகப்பிரவேசம் வைத்திருக்கிறோம். விடியற்காலை 4.30-க்கு கணபதி ஹோமம். 5.30-லிருந்து 6 மணிக்குள் பால் காய்ச்சுகிறோம். அவ்வளவு காலையில் முடியாதவர்கள் பகல் 11.30-க்கு மேல் சாப்பாட்டுக்காவது கட்டாயம் வர வேண்டும். வாழை இலை, முழுக்க சைவம். பூச விரதத்தில் இருப்பவர்கள் தயங்காமல் உட்காரலாம்.

நம் குடும்பத்தில் சொந்த மண்ணில் பால் பொங்குவது இதுதான் முதல் தடவை. தாத்தா பால்மரம் வெட்டிய காலம் முழுக்க லயத்து வீடுதான். வேலை போனால் வீடும் போகும். தோட்டத் துண்டாடல் நேரத்தில், நம்ம ஊர் சம்பந்தன் ஐயா 1960-இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தில் தாத்தா சிறுகச் சிறுகப் பணம் கட்டிப் பங்கு வாங்கினார். அந்த ரசீதைப் பாட்டி இன்னும் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறார். அன்றைக்கு அது சாமி அறையில் தாத்தா படத்தடியில் இருக்கும்.

கேஸ் அடுப்பு வேண்டாம் என்பது பாட்டியின் கட்டளை. நடுக்கூடத்தில் மூன்று செங்கல், பால்மரக் குச்சி, லயத்திலிருந்து வந்த பித்தளைப் பானை. வாய் ஒரு பக்கம் நசுங்கியிருக்கும், அந்தப் பக்கம் கிழக்கே பார்த்திருந்தால்தான் பால் சரியாக வழியும் என்பார். முதல் டம்ளர் பக்கத்து வீட்டுக்குப் போகும், அப்புறம்தான் நமக்கு. லயத்துப் பழக்கம். எனவே மலாய் மக்சிக் வீட்டுக்கும் எதிர்வீட்டு ஆன்ட்டிக்கும் ஏற்கெனவே சொல்லிவிட்டோம்.

பசுவும் கன்றும் லாரியில் வருகின்றன. போன வருடம் மச்சான் வீட்டில் மாடு மாவிலைத் தோரணத்தை மென்று தீர்த்தது நினைவிருக்கும். இந்த முறை உயரக் கட்டுகிறோம்.

வழி: ஈப்போவிலிருந்து வருவோர் பழைய பெரிய ரோட்டில் செம்மோர் தாண்டி நேரே வாருங்கள். பினாங்கு பக்கத்துச் சொந்தங்கள் கோலகங்சார் டோலில் இறங்கி ஈப்போ திசையில் திரும்புங்கள். டவுன் வந்ததும் போன் மேப்பை மூடிவிடுங்கள், செம்பனைத் தோட்டத்து மண் ரோட்டில் கொண்டுபோய் விடுகிறது. தாமான் மெலாத்தி எங்கே என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மூன்றாவது லோரோங், மூலை வீடு, வாசலில் இரண்டு வாழை மரம். ரயிலில் வருகிறவர்கள் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டால் தம்பி வண்டி எடுத்து வருவான்.

அக்கம்பக்கத்தார் மன்னிக்கணும், அன்று காலை மேளச் சத்தமும் ஹோமப் புகையும் கொஞ்சம் இருக்கும். கார்களைத் திடல் ஓரம் நிறுத்தச் சொல்லியிருக்கிறோம், உங்கள் கேட் மறையாது.

பரிசுப் பொருள் எதுவும் வேண்டாம். பாட்டிக்கு 84 வயது, வந்து ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள். எத்தனை பேர் என்று 20-ஆம் தேதிக்குள் வாட்ஸ்அப்பில் சொன்னால் இலைக்கு ஆர்டர் கொடுக்க வசதி.

அன்புடன்,
குமரன் – செல்வி, பிள்ளைகள், பாட்டி