பால்வெட்டுப் பாட்டு | உறுமி ரீமிக்ஸ் | பாடியவர்: நாலாம் லயத்துப் பாட்டி, பீடோர்

குரல்: நாலாம் லயத்துப் பாட்டி. பதிவும் படமும்: அவருடைய பேத்தி, ‘கித்தாக்காட்டுக் குரல்’ சேனல். மூலக் காணொளி: ‘பாட்டி பாடும் பால்வெட்டுப் பாட்டு’. முதலில் அதை முழுசாகப் பார்த்துவிட்டு வாருங்கள். இணைப்பு முதல் கமெண்டில் பின் செய்திருக்கிறேன்.

‘மேலும்’ என்பதை அழுத்தாதவர்கள் கண்ணிலும் படட்டும் என்றுதான் இவர்கள் பெயரை மேலே வைத்தேன்.

இந்தக் காணொளியை இரண்டாவது தடவையாக ஏற்றுகிறேன். முதல் தடவை, கடைசி வரியில் ‘கிரெடிட் உரியவர்களுக்கு’ என்று மட்டும் போட்டிருந்தேன். உரியவர் யார் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் எழுதவில்லை. ‘அண்ணே, உங்க பாட்டு அருமை’ என்று பலர் எழுதினார்கள், நானும் நன்றி சொன்னேன். ஆறாம் நாள் ஒரு தங்கச்சி, ‘அண்ணா, இது எங்க பாட்டி’ என்று மட்டும் எழுதியிருந்தார். அன்றிரவே காணொளியை எடுத்துவிட்டேன். தங்கச்சி, உங்களிடமும் பாட்டியிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். அந்த நன்றியெல்லாம் உங்களுக்கு வரவேண்டியது.

யாருடையது எது என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மெட்டும் வரிகளும் ரப்பர் தோட்டத்துச் சனங்கள் வாய்வழியாகக் கொண்டுவந்தவை, கட்டியவர் யாரென்று பாட்டிக்கும் தெரியாது. ஆனால் பால் பிடிக்கிற மங்கைத் துடைத்து வைக்கிற இடத்தில் மூச்சை இழுத்து நிறுத்துகிறாரே, அது அவர் மட்டுமே பாடுகிற விதம். வெள்ளாப்பில் எழுந்து பெரட்டுக்குப் போய் மரத்தில் பால் வெட்டிய உடம்பிலிருந்து வருகிற மூச்சு அது. வரிகளைக் கேட்டுக் கேட்டு எழுத்தில் போட்டது பேத்தியின் உழைப்பு. உறுமி, தப்பு, வெட்டி ஒட்டியது மட்டுமே நான், சுங்கை சிப்புட்டில் என் வீட்டு அறையில்.

0:00 பாட்டியின் குரல், எதுவும் சேர்க்காமல்
0:48 உறுமி சேர்கிறது
2:10 இரண்டாம் சரணம். இங்கே குரலின் வேகத்தைக் கூட்டியிருக்கிறேன், பாட்டி பாடிய வேகம் இதுவல்ல
3:25 கேட்டதும் எனக்குத் தோன்றியது, என் பேச்சு

நம் மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டம், விமர்சனத்துக்காக நியாயமான அளவில் எடுத்தாளும்போதுகூடப் படைப்பின் பெயரையும் படைத்தவரையும் சொல்லச் சொல்கிறது. பாட்டு முழுவதையும் ரீமிக்ஸ் செய்தது விமர்சனக் கணக்கில் வராது என்பதால், பெயர் போட்டதோடு நிற்காமல் அனுமதியும் கேட்டேன். பேத்தி வாட்ஸ்அப்பில் கேட்டுச் சொன்னார். பாட்டி சம்மதித்தார், ‘நாலாம் லயத்துப் பாட்டின்னே போடு’ என்றார். அப்படியே போட்டிருக்கிறேன். விளம்பர வருமானம் வந்தால் பாதி அவர்களுக்கு என்று பேசியிருக்கிறோம்.

இதை வெட்டி டிக்டாக்கில் போட விரும்புகிறவர்கள் என்னிடம் கேட்காதீர்கள். உறுமியை மட்டும் எடுத்தால் தாராளமாக எடுங்கள். குரல் வேண்டுமென்றால் ‘கித்தாக்காட்டுக் குரல்’ சேனலில் கேளுங்கள், பாட்டி பெயரை எழுத்திலேயே போடுங்கள்.