இன்னிக்கு நைட்டு மட்டும் இந்த ஆர்டர்ல கேளு மச்சி

டேய் ஷஃபில் போட்றாத, ஆர்டர்லதான் விஷயமே இருக்கு. பழைய வாய்ஸ் நோட்டெல்லாம் திரும்ப ஓட்டிக் கேக்குறத விட்டுட்டு இத கேளு.

1. போ நீ போ (3). கத்தணும்னா இதுலயே கத்திரு, ரூம்ல யாரும் இல்லல்ல.

2. நினைத்து நினைத்து பார்த்தேன் (7ஜி ரெயின்போ காலனி), கேகே பாடுனது. 2004ல வந்த பாட்டு, எழுதுன நா.முத்துக்குமாரும் இப்ப இல்ல, பாடுன கேகேவும் இல்ல, ஆனா பாட்டு மட்டும் அப்படியே நிக்குது. அவ ஹெல்மெட் இன்னும் உன் வண்டி ஹூக்லயே தொங்குதுன்னு சொன்னியே, அத எடுத்து லாஃப்ட்ல போட்டுட்டு வந்து கேளு.

3. மன்னிப்பாயா (விண்ணைத்தாண்டி வருவாயா). இதுக்கு ஹெட்செட் கண்டிப்பா வேணும். தாமரை எழுதுன பாட்டு, நடுவுல கோரஸ்ல "அன்பிற்கும் உண்டோ அடைக்கும்தாழ்"னு குறள் வரும் பாரு, ஸ்கூல்ல ரெண்டு மார்க்குக்கு மனப்பாடம் பண்ணோமே அதேதான், அன்ப தாழ்ப்பாள் போட்டு மூட முடியாது கண்ணீரே காட்டிக் குடுத்துரும்னு அர்த்தம், அன்னிக்கு ஒண்ணும் புரியல. காலையில மீட்டிங்ல "கோல்டுடா"ன்னு மூக்க உறிஞ்சுனியே, எனக்கு தெரியாதா? அழுதுக்கோ, இந்த பாட்டோட முடிச்சுக்கோ.

இப்ப எந்திரிச்சு மூஞ்ச கழுவு. பால் இருந்தா டீ போடு, இல்லன்னா கட்டஞ்சாயா.

4. எவனோ ஒருவன் (அலைபாயுதே). டீயோட. ஸ்வர்ணலதா குரல்ல வலி இருக்கும் ஆனா சத்தம் போடாது, இனிமே உனக்கு அப்படித்தான் இருக்கும் கொஞ்ச நாளைக்கு.

5. மயக்கமா கலக்கமா (சுமைதாங்கி, 1962). தாத்தா பாட்டுன்னு தள்ளிராத. சென்னையே வேணாம்னு ஊருக்கு கெளம்புற நெலமைல இருந்த வாலி, பி.பி.ஸ்ரீனிவாஸ் பாடி இந்த பாட்ட கேட்டுட்டுதான் மனச மாத்திக்கிட்டாராம், அவரே சொல்லிருக்காரு. நீயும் ரெண்டு நாளா ஊருக்கு போறேன் ஊருக்கு போறேன்னு பொலம்புற, அதான் வச்சேன்.

(ஒவ்வொரு பூக்களுமே வைக்கல. நல்ல பாட்டுதான், ஆனா இன்னிக்கு அட்வைஸ் கேட்டா நீ போனையே ஒடைச்சிருவ.)

6. லைஃப் ஆஃப் ராம் (96). மொட்ட மாடிக்கு போய் கேளு. ராம் அவள மறக்கவே இல்ல, ஆனாலும் கேமராவ தூக்கிட்டு காடு கடல்னு ஊர் ஊரா சுத்திட்டு இருப்பான்ல, அதுக்குத்தான். பிரதீப் குமார் பாடும்போது காத்து வேற அடிச்சா போதும்டா.

7. தென்றல் வந்து தீண்டும்போது (அவதாரம்). ராஜாவும் ஜானகியும். கண்ணு தெரியாத பொண்ணுக்கு கலர் எல்லாம் எப்படி இருக்கும்னு சொல்ற பாட்டு. இத ஏன் வச்சேன்னு கேக்காத, சும்மா கேளு.

முடிஞ்சதும் கீழ எறங்கி முக்கு கடைல ரெண்டு இட்லியாவது சாப்பிடு, பத்தரைக்கு கடைய மூடிருவாங்க. நாளைக்கு காலைல நான் கோயம்பேடு வந்து எறங்குறேன், வண்டிய எடுத்துட்டு வா, ரெண்டு ஹெல்மெட்டா.