நீங்கள் சொன்ன புதிய சம்பளம் பற்றி என் பதில்

மேடம், வணக்கம்.

வியாழக்கிழமை கூப்பிட்டுப் பேசியதற்கும் நேற்று மாலை அனுப்பிய கடிதத்துக்கும் சேர்த்து இந்தப் பதில். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் போவது போவதுதான். ஜூலை 7 அன்று கொடுத்த ராஜினாமாவில் மாற்றம் இல்லை, அறுபது நாள் நோட்டீஸ் கணக்குப்படி செப்டம்பர் 4 என் கடைசி நாள். நேரில் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நேரில் வந்தால் நீங்கள் ஏதாவது சொல்வீர்கள், நான் சரி சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து நொந்துகொள்வேன், இத்தனை வருடத்தில் அது எத்தனை தடவை நடந்தது என்று நம் இருவருக்கும் தெரியும். அதனால் எழுதிவிடுகிறேன்.

முப்பது சதவீத உயர்வு, 'லீட்' என்ற பதவி, வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை, பதினெட்டு மாதம் இருந்தால் இரண்டு மாதச் சம்பளம் போனஸ். சின்ன விஷயம் இல்லை இது. வீட்டில் காட்டினேன், கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. இதை வாங்கித் தர நீங்கள் மேலே எத்தனை பேரிடம் மல்லுக்கட்டியிருப்பீர்கள் என்பதும் புரிகிறது, அதற்கு மனசார நன்றி. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன்: இந்த உயர்வோடு கணக்குப் போட்டால், நான் போகிற இடத்தில் சம்பளம் இதைவிடக் கொஞ்சம் குறைவு. ஆகவே பணத்துக்காகப் போகிறேன் என்று ஹெச்.ஆர். பக்கம் பேச்சு வந்தால், அது இல்லை என்று தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.

நான் கேட்டது வேறு. சம்பளப் பட்டியல் போட இன்னொரு ஆள் வேண்டும் என்று போன வருடம் அக்டோபரில் மெயில் போட்டேன், அதற்கு முந்தைய அப்ரைசலிலும் கேட்டேன், இந்த வருட அப்ரைசலிலும் கேட்டேன். "இந்தக் காலாண்டு முடியட்டும்" என்றீர்கள். எந்தக் காலாண்டு என்றுதான் கடைசி வரை தெரியவில்லை. ஐந்து வருடத்தில் ஒரு மாதம்கூட இருபத்தைந்து தேதியிலிருந்து முப்பத்தொன்று வரை நான் லீவ் எடுத்ததில்லை, எடுக்க முடிந்ததில்லை. தம்பி கல்யாணத்தன்று காலையில் எல்லோரும் போட்டோவுக்கு நின்றுகொண்டிருக்க, நான் சாப்பாட்டு ஹால் மூலையில் லாப்டாப்பை மடியில் வைத்து, பேங்க் திருப்பி அனுப்பிய ஃபைலில் எந்த வரியில் கணக்கு எண் ஒரு இலக்கம் குறைகிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். அந்த ஆல்பத்தில் முக்கால்வாசி படங்களில் நான் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, சரி, கொஞ்சம் குறையாகத்தான் சொல்கிறேன்.

நேற்று வந்த கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அந்த இரண்டாவது ஆளைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. வியாழக்கிழமை கேட்டபோது "நீங்கள்தானே இனிமேல் லீட், நீங்களே ஆள் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றீர்கள், எப்போது என்று கேட்டதற்கு "பட்ஜெட் வந்ததும்" என்றீர்கள். அந்த இடத்திலேயே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. சம்பளம் கூடும், பெயர் மாறும், ஆனால் மாதக் கடைசியில் அந்த நாற்காலியில் உட்காரப்போவது மறுபடியும் நான் ஒருவர் மட்டும்தான். போனஸ் விஷயமும் அப்படியே, பதினெட்டு மாதத்துக்கு முன்னால் கிளம்பினால் மொத்தத்தையும் திருப்பித் தர வேண்டும் என்று போட்டிருக்கிறது, அது எனக்குப் பரிசாகத் தெரியவில்லை, கட்டிப்போடுகிற கயிறாகத்தான் தெரிகிறது.

இரண்டு வருடமாக இல்லாத பணம் ராஜினாமா கொடுத்த அதே வாரத்தில் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் மனதில் ஓடியது, பொய் சொல்ல விரும்பவில்லை. உங்கள் மேல் வருத்தம் இல்லை. பேங்க் ஃபைல் இரவு பதினொன்றரை மணிக்கு நின்றுபோனபோது வீட்டுக்குப் போயிருந்தவர் திரும்பி வந்து, பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாக என்னோடு சரிபார்த்தீர்களே, அப்படி ஒரு மேலதிகாரி அங்கே கிடைப்பாரா என்று தெரியாது. ஆனால் நான் கிளம்புகிறேன் என்றால்தான் என் பேச்சு காதில் விழும் என்றாகிவிட்டால், அடுத்த தேவைக்கும் இன்னொரு ராஜினாமா எழுத வேண்டியிருக்கும். அது எனக்கும் நல்லதில்லை, உங்களுக்கும் நல்லதில்லை. அதோடு அங்கே கையெழுத்துப் போட்டு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தாகிவிட்டது, அவர்களும் மற்ற ஆட்களை வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள், இப்போது பின்வாங்குவது என்னால் ஆகாது. அதனால் தொகையை இன்னும் கூட்டிக்கொண்டு அடுத்த வாரம் மறுபடியும் கூப்பிட வேண்டாம் மேடம், ப்ளீஸ். எந்தக் கம்பெனி என்பதையும் சேர்ந்த பிறகு நானே சொல்கிறேன்.

இனி ஆக வேண்டியது. நோட்டீஸ் காலத்துக்குள் இரண்டு சம்பளப் பட்டியல் வருகிறது. ஜூலை பட்டியலை நான் போடுகிறேன், ஜூனியர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். ஆகஸ்ட் பட்டியலை ஜூனியர் போடட்டும், நான் கீபோர்டைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன், தப்பு வந்தால் அப்போதே வரட்டும், நான் இருக்கும்போது வருவதுதான் நல்லது. எக்ஸெல் ஷீட்டில் மஞ்சள் அடித்த கட்டங்கள் எல்லாம் கையால் போடுவது: நைட் ஷிஃப்ட் படி, மாத நடுவில் சேர்ந்தவர்கள், சம்பளமில்லாத லீவ். ஏன் கையால் என்பதற்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கிறது, அது என் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது, அதை இந்த வாரத்திலிருந்து எழுத ஆரம்பிக்கிறேன். பேங்கில் என் பெயரில் இருக்கும் அனுமதியை மாற்ற நாளாகும், இப்போதே யார் பெயருக்கு என்று முடிவு செய்துவிடுங்கள், இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளினால் ஆகஸ்ட் மாதம் சம்பளம் ஏறாமல் எல்லோரும் உங்கள் அறை வாசலில் நிற்பார்கள்.

என் கடைசிக் கணக்கை நான் போடக் கூடாது, வேறு யாராவது போட்டு வேறு யாராவது சரிபார்க்க வேண்டும். மிச்சமிருக்கும் லீவ் எத்தனை நாள் என்பது சிஸ்டத்தில் இருக்கிறது, அதைப் பற்றிப் பேச்சே வராது என்று நினைக்கிறேன். ராஜினாமாவை ஏற்றுக்கொண்டதாகவும் கடைசி நாள் செப்டம்பர் 4 என்றும் ஒரு வரி மெயில் போட்டுவிட்டால் எனக்குப் போதும், ரிலீவிங் லெட்டரும் எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிஃபிகேட்டும் அன்றைக்கே கிடைத்தால் உதவியாக இருக்கும். டீமிடம் நீங்களே சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா என்பதையும் சொல்லுங்கள், கேன்டீனில் ஏற்கெனவே இரண்டு பேர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

ஒரு அவசரம் மட்டும். ஹெச்.ஆர். என் புதிய சம்பளத்தை அதற்குள் சிஸ்டத்தில் ஏற்றிவிட்டார்கள் போல, 'ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது' என்று என் லாகினிலேயே வந்து நிற்கிறது. என் உயர்வை நானே ஓகே செய்யும் பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்! தொடாமல் வைத்திருக்கிறேன். 20ஆம் தேதி கட்-ஆஃபுக்கு முன்னால் அதை ரத்து செய்யச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அரியர் கணக்கு, பிடித்தம் எல்லாம் அதோடு மாறிவிடும், அப்புறம் ஜூலை பட்டியலை மொத்தமாகத் திரும்பப் போட வேண்டும்.

நன்றி மேடம். திங்கட்கிழமை பார்க்கலாம்.