வெளிச்சம் எங்கே என்று குருத்துக்கு எப்படித் தெரியும்?

ஸ்லைடு 1: முகப்பு

பள்ளி அறிவியல் கண்காட்சி, தாவரவியல் பிரிவு
8-ஆம் வகுப்பு மாணவர்கள் மூவரின் செய்முறைத் திட்டம்

படம் 1: கோதுமைக் குருத்துகள் பத்தும் இடப்பக்கம் சாய்ந்து நிற்கின்றன. விளக்கு இருப்பது இடப்பக்கம்தான்.

ஸ்லைடு 2: எங்கள் கேள்வி

ஜன்னலோரத் தொட்டிச் செடி வெளிச்சம் வரும் பக்கம் வளைவதை எல்லோரும் பார்த்திருப்போம். செடிக்குக் கண் கிடையாது. அப்படியானால், வெளிச்சம் எந்தப் பக்கம் என்பதை அதன் எந்தப் பகுதி உணர்கிறது? வளைகிற இடமேதான் உணர்கிறதா, அல்லது உணர்வது ஓரிடம், வளைவது வேறிடமா?

ஸ்லைடு 3: எங்களுக்கு முன்னால் கேட்டவர்கள்

சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் இதே கேள்வியைக் கேனரிப் புல்லின் குருத்தில் சோதித்து, 1880-இல் முடிவை வெளியிட்டார்கள். குருத்தின் நுனியை மூடினால் அது வளையவில்லை என்று கண்டார்கள். அந்தச் சோதனையைக் கோதுமையில் செய்து, ஒவ்வொரு கட்டத்தையும் புகைப்படமாகப் பதிவு செய்ததுதான் எங்கள் வேலை.

ஸ்லைடு 4: எங்கள் ஊகம்

நுனிதான் வெளிச்சத்தை உணர்கிறது. நுனியை மறைத்தால் குருத்து நேராகவே வளரும். அடிப்பகுதியை மறைத்தால் வழக்கம்போல வளையும்.

ஸ்லைடு 5: குருத்தைத் தயார் செய்தல்

கோதுமையை ஓர் இரவு ஊற வைத்து, ஈரப் பஞ்சில் விதைத்து, இருட்டு அலமாரியில் வைத்தோம். குருத்து 2 செ.மீ. உயரம் வந்ததும் எடுத்துக்கொண்டோம். இந்த நிலையில் வெளியே தெரிவது இலை அல்ல. இளம் இலையை மூடிப் பாதுகாக்கும் முளைக்குருத்து உறை. இலை இதைக் கிழித்துக்கொண்டு வருவதற்குள் சோதனையை முடித்துவிட வேண்டும்.

படம் 2: ஊறிய விதை, முளைவிட்ட விதை, 2 செ.மீ. குருத்து. பக்கத்தில் அளவுகோல்.

ஸ்லைடு 6: ஆறு குழுக்கள்

உள்ளே கறுப்புத் தாள் ஒட்டிய, ஒரே அளவுள்ள ஆறு அட்டைப்பெட்டிகள். பெட்டிக்குப் பத்துக் குருத்துகள்.

அ: எதுவும் செய்யவில்லை
ஆ: நுனியில் 3 மி.மீ. வெட்டியது
இ: நுனிக்கு அலுமினியத் தாள் தொப்பி
ஈ: நுனிக்கு ஒளி புகும் பிளாஸ்டிக் தொப்பி
உ: நுனி மட்டும் வெளியே தெரியும்படி, அடிப்பகுதியைச் சுற்றி அலுமினியத் தாள்
ஊ: முழு இருட்டு

ஈ குழு எதற்கு என்று கேட்கலாம். இ குழு வளையாமல் போனால், தொப்பியின் எடையோ உரசலோதான் காரணம் என்று யாராவது சொல்லலாம் அல்லவா? ஒளி புகும் தொப்பி போட்ட குருத்து வளைந்துவிட்டால் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை.

படம் 3: இ, ஈ, உ குழுக்களிலிருந்து ஒவ்வொரு குருத்து, நெருக்கத்தில். தொப்பியின் கீழ் விளிம்பு எங்கே முடிகிறது என்பதைப் பாருங்கள்.

ஸ்லைடு 7: விளக்கும் கேமராவும்

அ முதல் உ வரை ஐந்து பெட்டிகளின் இடச்சுவரிலும் ஒரு துளை. துளைக்கு வெளியே ஒரே மாதிரியான வெள்ளை எல்இடி விளக்கு. எல்இடி அதிகம் சூடாகாது என்பதால், வெப்பத்தால் வளைந்ததா என்ற குழப்பம் வராது.

போனை முக்காலியில் மாட்டி, முக்காலியின் கால்கள் நிற்கும் இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்தோம். ஒவ்வொரு முறையும் அதே தூரம், அதே உயரம். ஃபிளாஷ் போடவில்லை, அது இன்னொரு திசையிலிருந்து வரும் வெளிச்சம். அறை விளக்கையும் அணைத்துவிட்டு, பெட்டியின் முன்கதவை அரை மணிக்கொரு முறை சில நொடிகள் மட்டும் திறந்து படம் எடுத்தோம். ஊ குழுவை முதலிலும் கடைசியிலும் மட்டுமே எடுத்தோம்.

படம் 4: முழு அமைப்பு. குருத்துகளுக்குப் பின்னால் தெரிவது கட்டம் போட்ட தாள்.

ஸ்லைடு 8: ஆறு மணி நேரத்தில் நடந்தது

படம் 5: அ குழுவின் ஒரே குருத்து, வரிசையாக. முதல் படங்களில் மாற்றம் எதுவும் தெரியாது. அப்புறம் நுனிக்குச் சற்றுக் கீழே லேசான வளைவு தொடங்குகிறது. போகப் போக வளைவு கீழ்நோக்கி இறங்கி, கடைசிப் படத்தில் குருத்தின் நடுப்பகுதியே வளைந்திருக்கிறது.

ஸ்லைடு 9: அளந்த கோணங்கள்

அச்சிட்ட படங்களின் மேல் பாகைமானி வைத்து அளந்தோம். பத்துக் குருத்துகளின் சராசரி:

அ (அப்படியே விட்டது): 42°
ஆ (நுனி வெட்டியது): 3°
இ (அலுமினியத் தொப்பி): 6°
ஈ (ஒளி புகும் தொப்பி): 38°
உ (அடி மறைத்தது): 35°
ஊ (இருட்டு): 2°

இ குழுவில் ஒன்பது குருத்துகள் 8°-க்குள் நின்றன. ஒன்று மட்டும் 27° வளைந்தது. அதன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது: குருத்து வளர்ந்ததில் தொப்பி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, விளக்குப் பக்கம் இடைவெளி விழுந்திருந்தது. அதைச் சராசரியிலிருந்து நீக்கவில்லை. நீக்கினால் சராசரி 4° ஆகும்.

படம் 6: அந்தக் குருத்து. இடைவெளியை அம்புக்குறி காட்டுகிறது.

ஸ்லைடு 10: வெட்டியதை ஏன் முக்கியச் சான்றாக எடுக்கவில்லை?

நுனி வெட்டிய குருத்துகள் வளையவில்லை, சரி. ஆனால் அவை 2 மி.மீ. கூட வளரவில்லை. வளராத குருத்து எப்படி வளையும்? காயத்தாலும் வளர்ச்சி நின்றிருக்கலாம். அலுமினியத் தொப்பி போட்டவையோ அ குழு அளவுக்கே வளர்ந்தன. ஆனாலும் நேராகவே நின்றன. அதனால் எங்கள் முடிவு இ, ஈ, உ ஆகிய மூன்றை ஒப்பிட்டே நிற்கிறது.

ஸ்லைடு 11: வளைவு எப்படி உண்டாகிறது?

அ குழுவின் ஒரு குருத்தில், இரு பக்கமும் 12 மி.மீ. நீளத்துக்கு மைப் புள்ளிகள் வைத்திருந்தோம். முடிவில் நிழல் பக்கம் 15.6 மி.மீ., வெளிச்சப் பக்கம் 14.5 மி.மீ. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்தான்! குருத்தின் தடிமனே சுமார் 1.5 மி.மீ. என்பதால், இந்தச் சின்ன வித்தியாசமே 42° வளைக்கப் போதும். குருத்தை வெளிச்சம் இழுக்கவில்லை. நிழல் பக்கம் கூடுதலாக நீண்டு அதைத் தள்ளுகிறது.

படம் 7: மைப் புள்ளிகள், முன்னும் பின்னும்.

ஸ்லைடு 12: முடிவு

எங்கள் ஊகத்தை அளவுகள் ஆதரிக்கின்றன. கோதுமைக் குருத்தில் வெளிச்சத்தை முக்கியமாக உணர்வது நுனி. வளைவது அதற்குக் கீழே. அப்படியானால் நுனியிலிருந்து கீழே ஏதோ ஒரு செய்தி போக வேண்டும். அது ஒரு வேதிப்பொருள் என்பதைத் தாவரவியலாளர் ஃபிரிட்ஸ் வெண்ட் ஓட்ஸ் குருத்தில் காட்டினார். குருத்து நுனிகளை அகார் என்ற ஜெல்லிக் கட்டிகளின் மேல் வைத்திருந்து, பிறகு அந்தக் கட்டியை நுனி வெட்டிய குருத்தின் ஒரு பக்கத்தில் வைத்தார். இருட்டிலேயே குருத்து மறுபக்கம் வளைந்தது. அந்தப் பொருளை இன்று ஆக்சின் என்கிறோம். எங்கள் சோதனை ஆக்சினை நேரடியாகக் காட்டவில்லை. செய்தி போகிறது என்பதை மட்டுமே காட்டுகிறது.

இது புல் வகைக் குருத்துக்கான முடிவு. அவரை போன்ற செடிகளுக்கும் பொருந்துமா என்பதை நாங்கள் சோதிக்கவில்லை.

ஸ்லைடு 13: அடுத்து

விளக்குத் துளையில் ஒரு பெட்டிக்கு நீல செலோபேன் தாளும் இன்னொன்றுக்குச் சிவப்பும் ஒட்டி, எந்த நிறத்துக்குக் குருத்து அதிகம் வளைகிறது என்று பார்க்கப் போகிறோம். நீலத்துக்குத்தான் என்பது எங்கள் ஊகம். பெட்டிகள் தயார், விதைகள் ஊறிக்கொண்டிருக்கின்றன.

படம் 8: நீலத் தாளும் சிவப்புத் தாளும் ஒட்டிய இரண்டு பெட்டிகள்.